வெயிட்லிஸ்ட்டில் நாலாவது ஆள்

நான் இன்ஜினியரிங் படித்த கல்லூரியில் யாரும் பாடத்தைத் தேர்ந்தெடுத்ததில்லை. செமஸ்டர் தொடங்கும் நாளில் துறை வாசலில் டைம்டேபிள் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வகுப்புக்குப் போய் உட்கார வேண்டியதுதான். எலெக்டிவ் என்று ஒன்று இருந்தது உண்மை. வகுப்பு ரெப் கை தூக்கச் சொல்லி எண்ணுவான்; கடைசியில் எந்த ஆசிரியர் ஓய்வாக இருக்கிறாரோ அவர் நடத்தும் பாடம் ஜெயித்துவிடும். அப்படி வளர்ந்த நான் 2013 ஆகஸ்டில், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் உள்ள ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்துக்கு கம்ப்யூட்டர் சயின்ஸில் எம்.எஸ். படிக்கப் போனேன். அங்கே ஒவ்வொரு செமஸ்டரும் பாடத்தை நாமே இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

முதல்முறை உள்ளே நுழைந்து மூன்று பாடங்களைக் கூடையில் போட்டு, பதிவு செய் என்று அழுத்தியபோது மூன்றுக்கும் நேராகச் சிவப்புப் பெருக்கல் குறி வந்தது. கீழே ஒரு வரி:

```
You have a hold on your record.
```

ஹோல்ட் என்றால் நம் கணக்கின்மேல் ஏதோ ஒரு அலுவலகம் வைத்திருக்கும் தடை. யார் வைத்தது, எதற்காக வைத்தது என்பது அந்தத் திரையில் இருக்காது. முகப்புப் பக்கத்துக்குத் திரும்பி, ஓரத்தில் இருக்கும் ஹோல்ட் பட்டியலைத் திறந்து, அதிலும் ‘விவரம்’ என்ற சுட்டியை அழுத்தினால்தான் தடை வைத்த அலுவலகத்தின் பெயர் தெரியும். என் கணக்கில் அன்று இரண்டு இருந்தன. ஒன்று மாணவர் சுகாதார மையம் வைத்தது, மற்றொன்று பட்டதாரி மாணவர் சேர்க்கை அலுவலகம் வைத்தது. இரண்டாவது சாதாரணம். இறுதி மதிப்பெண் பட்டியலையும் பட்டம் பெற்றதற்கான சான்றையும் ஒட்டிய உறையில் கொடுக்க வேண்டும். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான் வரும்; அதுவரைக்கும் ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட்டை ஏற்றுக்கொண்டார்கள். உறையைக் கையில் கொடுத்தேன், மறுநாள் தடை போய்விட்டது.

சுகாதார மையத்தின் தடைதான் நம் ஊர்ப் பிள்ளைகளை வருடம் தவறாமல் பிடிக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அவர்கள் கேட்பது எம்.எம்.ஆர். எனப்படும் தட்டம்மை, புட்டாலம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசி. அதில் இரண்டு தவணை வேண்டும். என் வயதுக்காரர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் மாதம் போட்டது தட்டம்மைக்கு மட்டுமான ஊசி. அதற்கும் சான்றாக எங்கள் வீட்டில் இருந்தது, அம்மா பீரோவில் மடித்து வைத்திருந்த ஒரு மஞ்சள் அட்டை. எழுத்தெல்லாம் அழிந்து தேதி மட்டும் பாதி தெரியும். ஆகவே இரண்டு தவணையும் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 28 நாள் இடைவெளி தேவை. விமானம் ஏற இரண்டு வாரம் இருக்கும்போது முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு முதல் தவணைச் சான்றைப் பார்த்து அந்த செமஸ்டருக்கு மட்டும் தடையைத் தற்காலிகமாக விலக்குவார்கள். இரண்டாவதைப் போட்டுக் காட்டாவிட்டால் அடுத்த செமஸ்டர் பதிவின்போது அதே தடை திரும்பி வந்து நிற்கும்.

அடுத்து காசநோய்ப் பரிசோதனை. கையில் தோலுக்கடியில் மருந்து ஏற்றி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வீக்கத்தை அளந்து பார்ப்பது ஒரு முறை. நமக்கோ பிறந்தவுடனேயே பி.சி.ஜி. குத்தி, தோளில் தழும்போடுதான் அனுப்புகிறார்கள். அந்தத் தடுப்பூசியே இந்தத் தோல் பரிசோதனையைப் பொய்யாகத் தடிக்க வைக்கலாம். தடித்தால் மார்பு எக்ஸ்ரே, மருத்துவர் சந்திப்பு என்று இழுக்கும். ரத்தத்தில் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு, பி.சி.ஜி. அதைக் குழப்பாது. செலவு கூடுதல்தான், இருந்தாலும் தழும்பு உள்ளவர்கள் அதைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். இன்னொரு நுணுக்கம்: காசநோய்ப் பரிசோதனையை எம்.எம்.ஆர். ஊசி போடும் அன்றே செய்யலாம். தவறினால் நாலு வாரம் கழித்துத்தான் செய்ய வேண்டும். அந்த ஊசி தற்காலிகமாகப் பரிசோதனையின் முடிவை மழுங்க வைக்கக்கூடும் என்பது காரணம். திங்கட்கிழமை ஊசியும் புதன்கிழமை பரிசோதனையுமாகப் போன என் அறைத்தோழியைச் செவிலியர் திருப்பி அனுப்பிவிட்டார். அவள் தடை விலகும்போது நல்ல பாடங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன.

இரண்டாம் ஆண்டில் எனக்குத் துறையின் பட்டதாரி மாணவர் அலுவலகத்தில் பகுதிநேர வேலை கிடைத்தது. பாடப் பதிவில் சிக்கல் என்று வரும் விண்ணப்பங்களைப் படித்து, அட்டவணையில் ஏற்றி, ஒருங்கிணைப்பாளரின் மேசைக்கு அனுப்புவது என் பொறுப்பு. அவர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. அந்த ஊர் வழக்கப்படி பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. ‘மேடம்’ என்றே கூப்பிட்டேன், அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். மாணவியாக இருந்தபோது சுவராகத் தெரிந்ததெல்லாம் அந்த மேசையில் உட்கார்ந்த பிறகுதான் தனித்தனிக் கதவுகளாகப் பிரிந்து தெரிந்தது.

முன்தேவைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மேல்நிலை அல்காரிதம் பாடத்தில் சேர, இளநிலை அல்காரிதம் முடித்திருக்க வேண்டும் என்பது விதி. நான் அதை ஐந்தாம் செமஸ்டரில் முடித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் கணினி தேடுவது அந்தப் பல்கலைக்கழகத்தின் பாட எண்ணை. என் மதிப்பெண் பட்டியல் சேர்க்கை அலுவலகத்தில் ஒரு ஸ்கேன் படமாகக் கிடக்கிறது. அதில் உள்ள பாடங்களை ஒவ்வொன்றாக அவர்கள் பாட எண்களோடு பொருத்தி யாரும் ஏற்றவில்லை. இளநிலை மாணவர் இடம் மாறி வந்தால் அந்த வேலையைச் செய்வார்கள். எம்.எஸ். மாணவருக்குப் பெரும்பாலும் செய்வதில்லை. அதனால் வெளிநாட்டில் இளநிலை படித்து வந்த ஒவ்வொருவருக்கும், அவர் எவ்வளவு படித்திருந்தாலும், திரையில் வருவது இந்த ஒரே வரிதான்:

```
Unable to add class - requisites have not been met.
```

உனக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றே இதைப் பார்த்ததும் தோன்றும். அப்படி எண்ணி வேறு சுலபமான பாடத்துக்குப் போய்விட்டவர்களை எனக்குத் தெரியும். உண்மையில் அந்த வரிக்கு ஒரே பொருள்தான்: கணினிக்கு உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்த மனிதர் ஒருவர் சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஓவர்ரைடு. துறையின் படிவத்தில் பாட எண், பிரிவு எண், நாம் ஊரில் படித்த ஈடான பாடம், அதன் பாடத்திட்டம் ஆகியவற்றை இணைத்துக் கொடுத்தால், பேராசிரியரோ ஒருங்கிணைப்பாளரோ பார்த்து அனுமதி போடுவார்.

அந்த அனுமதியில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒருங்கிணைப்பாளரின் திரையில் ஒரு மாணவருக்கு அனுமதி போடும்போது பக்கத்தில் சில கட்டங்கள் வரும். முன்தேவையைத் தளர்த்த ஒரு கட்டம், வகுப்பு நிரம்பியிருந்தாலும் சேர்க்க இன்னொன்று, ஆசிரியர் ஒப்புதல் வேண்டிய பாடத்துக்கு மற்றொன்று. எதை டிக் செய்கிறாரோ அது மட்டும்தான் திறக்கும். முன்தேவைக்கு அனுமதி வாங்கிய மாணவர், வகுப்பு நிரம்பியபின் வந்து பதிவு செய்ய முயன்றால் உள்ளே விடாது. ‘அனுமதி கிடைத்துவிட்டது’ என்று மின்னஞ்சல் வந்ததும் இடமே கிடைத்துவிட்டதாக நினைத்து நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் ஒவ்வொரு செமஸ்டரும் இருந்தார்கள். அனுமதி என்பது பதிவல்ல. அது வந்தபின் நாமே திரும்ப உள்ளே போய்ப் பதிவு அழுத்த வேண்டும், அதுவும் அனுமதி காலாவதியாகும் தேதிக்கு முன்பே. வேறு பிரிவுக்கு மாறினால் பழைய அனுமதி செல்லாது, புதிதாக வாங்க வேண்டும்.

நிரம்பிய வகுப்பில் கூடுதலாகச் சேர்க்கும் அந்த இரண்டாவது கட்டத்தை மேடம் கிட்டத்தட்டத் தொடமாட்டார். பேராசிரியர் வகுப்பு வாசலில் நின்று “தாராளமாக வா” என்று சொல்லியிருப்பார். அந்த நம்பிக்கையில் மாணவர் வருவார். ஆனால் அந்த அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று தீ பாதுகாப்பு விதி ஒரு எண்ணை நிர்ணயித்திருக்கிறது. பேராசிரியரின் பெருந்தன்மை அந்த எண்ணைத் தாண்டாது. அதனால்தான் வெயிட்லிஸ்ட்.

வெயிட்லிஸ்ட் என்றதும் நம் ஆட்களுக்கு ரயில் ஞாபகம் வரும். டிக்கெட்டில் டபிள்யூ.எல். 4 என்று இருந்தால், முன்னால் உள்ள மூன்று பேர் ஏறியதும் அடுத்தது நாம்; காத்திருந்தால் போதும். பல்கலைக்கழகப் பட்டியலையும் அப்படியே எண்ணி ஏமாந்தவர்களில் ஒருவன் கரூரிலிருந்து வந்த ஒரு தம்பி. எனக்கு ஒரு வருடம் ஜூனியர். அவன் கதையைச் சொன்னால் இந்த ஏற்பாடு முழுக்க விளங்கிவிடும்.

வசந்த செமஸ்டருக்கான பதிவு நவம்பரில் நடக்கும். அவன் உள்ளே நுழைந்தபோது மெஷின் லேர்னிங் நிரம்பியிருந்தது. மொத்தம் 60 இடம். பட்டியலில் சேர்ந்தான், நாலாவது ஆள் என்று கணினி சொன்னது. அவனுக்குப் பின்னாலும் ஆட்கள் சேர்ந்து, பட்டியல் 11 பேரானது. மாணவர் விசாவில் இருப்பதால் முழுநேரப் படிப்புக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். மாணவருக்கு 9 கிரெடிட் வேண்டும், அதாவது மூன்று பாடம். காத்திருப்பில் இருப்பது அந்தக் கணக்கில் சேராது. ஆகவே முன்யோசனையோடு வேறு மூன்று பாடங்களில் முறையாகப் பதிவு செய்திருந்தான். அதில் ஒன்று கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ். மெஷின் லேர்னிங் கிடைத்ததும் அதை விட்டுவிடலாம் என்பது அவன் திட்டம்.

டிசம்பர் பாதியில் அலுவலகத்துக்கு வந்தான்.

“அக்கா, பட்டியல்ல பதினொரு பேர் இருந்தாங்க. இப்போ எட்டுன்னு காட்டுது. நான் மட்டும் அதே நாலுலயே நிக்கிறேன். என்னக்கா இது?”

“உனக்குப் பின்னாடி இருந்தவங்க யாராவது உள்ள போயிட்டாங்களா, விசாரிச்சியா?”

“சென்னைப் பொண்ணு ஒண்ணு ஏழாவதா இருந்துச்சு. நேத்து கிடைச்சிருச்சுங்குது.”

அதைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பட்டியலின் மொத்தம் குறைகிறது, நம் எண் மட்டும் அசையவில்லை என்றால், கணினி நம்மைத் தாண்டிப் பின்னால் இருப்பவரை ஏற்றுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். பின்னால் இருந்தவர்கள் தாங்களாகவே விலகியும் இருக்கலாம். ஆனால் ஏழாவது ஆள் உள்ளே போயிருக்கிறாள் என்றபோது சந்தேகத்துக்கே இடமில்லை. நம் எண் இறங்கி, வகுப்பில் மட்டும் அசைவே இல்லை என்றால் அது வேறு. முன்னால் இருந்தவர்கள் சலித்து விலகியிருப்பார்கள்.

அந்தக் கணினியில் ஓர் இடம் காலியானதும் முதல் ஆளுக்குத் தானாகப் போய்விடாது. தினமும் குறித்த நேரத்தில் ஒரு வேலை ஓடும். அது பட்டியலின் முதல் ஆளிலிருந்து தொடங்கி, இவரை இப்போது பதிவு செய்ய முடியுமா என்று ஒவ்வொருவராகச் சோதிக்கும். ஹோல்ட் இருந்தால் முடியாது. நேரம் மோதினால் முடியாது. கிரெடிட் உச்சவரம்பைத் தாண்டினால் முடியாது. அதே பாடத்தின் இன்னொரு பிரிவில் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் முடியாது. முடியாதவரைப் பட்டியலிலிருந்து நீக்கவும் மாட்டார்கள், காரணத்தையும் சொல்லமாட்டார்கள். சத்தமில்லாமல் அவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விடும். அந்தச் சென்னைப் பெண்ணுக்கு எந்தத் தடையும் இல்லை. ஏழாவது இடத்திலிருந்து நேராக உள்ளே போய்விட்டாள். முதல் மூன்று பேரும் நகராததைப் பார்த்தால் அவர்களுக்கும் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும்.

தம்பியின் கணக்கைத் திறக்கச் சொன்னேன். முதல் காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. நெட்வொர்க்ஸ் செவ்வாய், வியாழன் காலை 11 மணி. மெஷின் லேர்னிங்கும் செவ்வாய், வியாழன் காலை 11 மணி. காத்திருப்பில் சேரும்போது எங்கள் கணினி நேர மோதலைப் பார்ப்பதில்லை. உள்ளே ஏற்றும்போதுதான் பார்க்கும். இது எவ்வளவு மோசமான வடிவமைப்பு என்று நான் மேடத்திடம் பலமுறை புலம்பியிருக்கிறேன். சேரும்போதே ‘மோதுகிறது’ என்று ஒரு வரி காட்டினால் பாதி மின்னஞ்சல்கள் மிச்சமாகும்.

இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. நவம்பரில் பதிவு செய்தபோது அவனுக்கு ஒரு ஹோல்டும் இல்லை. இப்போது கட்டண அலுவலகத்தின் தடை ஒன்று முளைத்திருந்தது. பாக்கி 38 டாலர். எதற்கென்று பார்த்தால், செப்டம்பரில் சுகாதாரத் தடையை நீக்குவதற்காக வளாக மருத்துவமனையில் செய்துகொண்ட அதே காசநோய் ரத்தப் பரிசோதனை. காப்பீடு தன் பங்கைக் கொடுத்துவிட்டு மீதியை அவன் கணக்கில் ஏற்றியிருந்தது. கெடு தேதி கடந்ததும் தடை தானாக விழுந்துவிட்டது. ஒரு தடையை எடுக்கப் போனதன் பில்லே அடுத்த தடையாகி நின்றது. அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“ஏற்கெனவே பதிவு பண்ண பாடம் மூணும் அப்படியே இருக்கேக்கா? ஹோல்ட் இருந்தா அதும் போயிருக்கணும்ல?”

அதுதான் இதில் உள்ள ஏமாற்று. பிறகு விழும் ஹோல்ட் பழைய பதிவைத் தொடாது. எனவே எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். புதிதாகச் சேர்ப்பது, மாற்றுவது, காத்திருப்பிலிருந்து உள்ளே ஏற்றுவது ஆகியவை மட்டும் நின்றுபோகும். காத்திருக்கும் ஆள் தன் கணக்கைத் திறந்து பார்த்தாலொழிய அவனுக்குத் தெரியவே தெரியாது.

இனி என்ன செய்வது என்பதில் வரிசை முக்கியம். நெட்வொர்க்ஸை உடனே விட்டுவிடுகிறேன் என்று துடித்தான். விட்டால் கையில் இருப்பது 6 கிரெடிட். மெஷின் லேர்னிங் கிடைக்காமல் போனால் செமஸ்டர் தொடங்கும்போது முழுநேர மாணவர் இல்லை என்றாகும். வெளிநாட்டு மாணவர் அலுவலகம் செமஸ்டர் தொடங்கிய 30 நாளுக்குள் ஒவ்வொரு விசா மாணவரின் பதிவையும் குடியேற்றத் துறையின் தளத்தில் உறுதி செய்ய வேண்டும். அவர்களிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்காமல் கிரெடிட் குறைந்தால் விசா நிலையே கேள்விக்குறி. ஒரு பாடத்துக்காக அந்த ஆபத்தில் கால் வைக்கக்கூடாது.

ஸ்வாப் என்றொரு வழி உண்டு. நெட்வொர்க்ஸைக் கொடுத்து மெஷின் லேர்னிங்கை வாங்கு. நிரம்பியிருந்தால் காத்திருப்பில் போடு என்று சேர்த்துச் சொல்லலாம். அப்படிச் செய்தால் புதியது கிடைக்கும் நொடி வரைக்கும் பழையது நம் கையில் இருக்கும், நேர மோதலும் இல்லை. நவம்பரில் முதல் நாளே இதைச் செய்திருந்தால் மிகச் சரி. இப்போது செய்ய வேண்டுமானால் பட்டியலிலிருந்து விலகி, ஸ்வாப் வழியாகப் புதிதாகச் சேர வேண்டும். நாலாவது இடம் போய் எட்டாவது ஆளாக நிற்பான்.

ஆகவே வேறு மாதிரி யோசித்தோம். மெஷின் லேர்னிங்கை அசைக்காமல், நெட்வொர்க்ஸை மட்டும் மாற்றுவது. திங்கள், புதனில் நடக்கும் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பாடத்தில் இடம் இருந்தது, முன்தேவையும் இல்லை. நெட்வொர்க்ஸைக் கொடுத்து அதை வாங்கினால் 9 கிரெடிட் குறையாது, செவ்வாய் காலை 11 மணியும் விடுபடும். மெஷின் லேர்னிங் வந்து சேர்ந்தால் மொத்தம் 12 ஆகும். எங்கள் துறையில் தனி அனுமதி இல்லாமல் 12 வரை எடுக்கலாம். வந்தபிறகு ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டியதுதான். முதல் வாரத்துக்குள் விட்டால் அந்தக் கட்டணம் முழுவதும் திரும்பிவிடும்.

ஆனால் இந்த மாற்றத்தைச் செய்யவே ஹோல்ட் விலக வேண்டும். ஆகவே முதலில் 38 டாலர். கார்டில் கட்டினால் சேவைக் கட்டணம் தனி என்று தயங்கினான். வங்கிக் கணக்கிலிருந்து கட்டினால் பணம் உறுதியாக வந்து சேரும்வரை அங்கே தடையை எடுக்கமாட்டார்கள், சில நாள் ஆகும். கிறிஸ்துமஸ் விடுமுறையோ கழுத்துக்கு வந்துவிட்டது, அலுவலகங்கள் மூடினால் புத்தாண்டுக்குப் பிறகுதான். கார்டிலேயே கட்டச் சொன்னேன். இரவு ஓடும் வேலையில் தடை விலகியது. மறுநாள் காலை பாடத்தை மாற்றினான். அதன்பிறகுதான் அவன் உண்மையிலேயே நாலாவது ஆள்.

டிசம்பர் கடைசியில் ஒன்றும் நகரவில்லை. அது எதிர்பார்த்ததுதான். பட்டியல் நகர்வதற்கென்று சில பொழுதுகள் உண்டு, மாணவியாக இருக்கும்போது எனக்கு இது தெரியாது. தேர்வு முடிவு வந்ததும் ஒரு அலை. முன்தேவைப் பாடத்தைப் படித்துக்கொண்டே அடுத்ததில் பதிவு செய்தவர்கள், அதில் தேறாவிட்டால் நீக்கப்படுவார்கள். ஜனவரியில் கட்டணத்துக்கான முதல் கெடு முடிந்ததும் அடுத்த அலை. கட்டாதவர்களின் பதிவை எங்கள் பல்கலைக்கழகம் ரத்து செய்யும். மூன்றாவது, வகுப்பு தொடங்கிய முதல் வாரம். அப்போது பாடத்திட்டத்தையும் வீட்டுப்பாடத்தையும் பார்த்துப் பயந்து ஓடுகிறவர்கள் நிறைய. அந்த வாரத்தின் நடுவில் தானியங்கிப் பட்டியலை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆசிரியர் கையில். அதனால்தான், இடம் கிடைக்காவிட்டாலும் முதல் வகுப்பிலிருந்தே போய் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தையும் செய்யச் சொல்வோம். இரண்டாம் வாரம் இடம் கிடைத்து உள்ளே வந்தவருக்கு முதல் வீட்டுப்பாடத்தின் மதிப்பெண்ணை யாரும் தானமாகத் தரமாட்டார்கள்.

இதற்கிடையில் இன்னொரு குழப்பத்தையும் மாணவர்கள் கொண்டுவருவார்கள். வகுப்பில் 60க்கு 57 என்று காட்டும், ஆனாலும் பட்டியலில் ஆள் நிற்கும். கணினி கெட்டுவிட்டது என்பார்கள். கெடவில்லை, அந்த மூன்று இடமும் வேறொரு துறை மாணவர்களுக்கென்று ஒதுக்கி வைத்தது. ஒதுக்கீடு விலகும் தேதி எது என்று பாட விவரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அந்தத் தேதி வரை மின்னஞ்சல் போட்டுப் பயனில்லை.

இடம் கிடைக்காதவர்கள் ஆன்லைன் பிரிவுகளால் நிரப்பிக்கொள்ளப் பார்ப்பதும் உண்டு. உள்ளூர் மாணவருக்குத் தடையில்லை. மாணவர் விசாக்காரருக்கு, ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட் வரை மட்டுமே முழுநேரக் கணக்கில் சேரும். இரண்டு ஆன்லைனும் ஒரு நேரடி வகுப்புமாக 9 வைத்திருந்த ஒரு பெண்ணுக்குக் கணினி பச்சைக்குறிதான் காட்டியது. பதிவு செய்யும் கணினிக்கு விசா விதி தெரியாது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தார் கண்டுபிடித்து எழுதியபோது சேர்ப்பதற்கான கெடுவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி. அவளும் எங்கள் மேசைக்கு வந்தாள். கிடைத்த நேரடி வகுப்பில் சேர்ந்தாள். அவளுக்கு அது பிடித்த பாடமாக இருந்திருக்காது.

கரூர்த் தம்பிக்கு வகுப்புகள் தொடங்குவதற்கு முந்தைய வாரம், கட்டணக் கெடு முடிந்த மறுநாள் காலை மின்னஞ்சல் வந்தது. மெஷின் லேர்னிங்கில் பதிவாகிவிட்டான். அவனுக்கு முன்னால் இருந்த மூவரில் ஒருவர்தான் அன்று உள்ளே போனார் என்று பின்னால் பட்டியலைப் பார்த்தபோது தெரிந்தது. மற்ற இருவர் பட்டியல் நிறுத்தப்படும் வரை அங்கேயே இருந்தார்கள். தம்பி முதல் வாரம் நாலு வகுப்புக்கும் போய்ப் பார்த்துவிட்டு, சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கை விட்டான்.

இப்போது போகத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எம்.எம்.ஆர். இரண்டு தவணையையும் ஊரிலேயே முடித்து, தேதியும் மருத்துவர் முத்திரையும் இருக்கும் தாளை வாங்கி வையுங்கள். கூடவே, நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் இன்றே இறக்கி ஒரு பென்டிரைவில் போடுங்கள். உங்கள் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றினால் பழையது இணையத்தில் இல்லாமல் போகலாம். ஓவர்ரைடு படிவத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.